போனில் ‘ஓட்டுங்க’ என்றால் போதுமா? வாட்ஸ்அப், டிராயிங், சாம்பிள்: எதில் ஓகே வாங்குவது

தக்கலைப் பக்கம் எங்களுடையது சின்ன ரப்பர் யூனிட். இரண்டு பிரஸ், ஒரு மிக்ஸிங் மில், ஆறு பேர் வேலை. ஷீட் குலசேகரத்திலும் அருமனையிலும் கிடைத்துவிடும், ரப்பரை அச்செடுக்கும் டை வெட்ட நாகர்கோவில் கோணம் தொழிற்பேட்டை இருக்கிறது. ஆனால் சாமான் வாங்கும் பார்ட்டிகள் பெரும்பாலும் கோயம்புத்தூரில் பம்ப் செய்கிறவர்கள். சந்தேகம் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வரும் தூரம் இல்லை, ராத்திரி பஸ் ஏற வேண்டும். அதனால் எல்லாமே போனில் முடியும். எனக்கு ஒரு தடவை அப்படி முடிந்ததில் 4000 புஷ் வீணானது, அதற்கப்புறம்தான் ஓகே எப்படி வாங்குவது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

நடந்தது இதுதான். ஒரு பார்ட்டி பம்புக்கு அடியில் வைக்கும் ரப்பர் புஷ் ஒன்றைப் பார்சலில் அனுப்பி, “இதே மாதிரி 4000 வேணும்” என்றார். வெர்னியர் வைத்து அளந்தேன், வெளிவிட்டம் 40 மி.மீ., ஓட்டை 12, உயரம் 23.4. ஹார்ட்னஸ் டியூரோமீட்டரில் 68 காட்டியது. போனில் அளவைச் சொன்னேன், “சரிதான், ஓட்டுங்க” என்றார். 16 குழி உள்ள டை. ஒரு ஏற்றத்துக்குப் பத்து நிமிஷம் வேகவிட்டு, எடுத்துப் போட இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். ஒரு நாளைக்கு ஐந்நூற்றுச் சொச்சம் வரும். எட்டு நாளில் முடித்து அனுப்பினோம்.

அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் அனுப்பியது பம்பில் இருந்து கழற்றிய பழைய புஷ். வருஷக்கணக்காக எடையைத் தாங்கிய ரப்பர் அமுங்கியபடியே நின்றுவிடும், கழற்றினாலும் முழுசாக எழாது. சூட்டில் கிடந்தால் கெட்டியும் ஆகும். புதிதாக இருந்தபோது அதன் உயரம் 25, ஹார்ட்னஸ் 60. நான் புஷ்ஷோடு சேர்த்து அதன் தேய்மானத்தையும் காப்பி எடுத்திருக்கிறேன். பார்ட்டியிடம் கேட்டால், “பழசு அமுங்கியிருக்கும்னு ரப்பர்க்காரர் உங்களுக்குத் தெரியாதா?” என்கிறார். பாதி நியாயம் அவர் பக்கம் இருப்பதால் என்னால் பதில் பேச முடியவில்லை. “23.4ன்னு சொன்னேனே சார்” என்றேன். “நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பிளாஸ்டிக் என்றால் அரைத்து மறுபடி உருக்கலாம். சல்ஃபர் சேர்த்து வெந்த ரப்பர் உருகாது. 130 கிலோவுக்கு மேல் கலந்த ரப்பர் காம்பவுண்டு, அத்தனையும் கழிவு விலைக்குப் போனது. டை மட்டும் தப்பித்தது, உயரத்தைக் கூட்டக் குழியை இன்னும் ஆழமாக வெட்டினால் போதும் என்பதால். இதுவே வெளிவிட்டத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் அந்த டையும் ஏறக்குறைய போயிருக்கும், வெட்டின இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

சரி, ஓகே வாங்க என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம். நான் நாலையும் செய்து பார்த்திருக்கிறேன்.

போன் ஓகேயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகம். ஏற்கெனவே ஓடிய டை, அதே காம்பவுண்டு, “போன தடவை மாதிரியே இன்னொரு 1000” என்றால் போன் போதும். அப்போதும் போனை வைத்ததும் ஒரு வரி மெசேஜ் போட்டுவிடுகிறேன்: “இப்போ பேசினபடி, போன மாசம் அனுப்பின அதே புஷ், மாற்றம் இல்லை, 1000.” புது டைக்குப் போன் ஓகேயை வைத்து வேலை ஆரம்பிக்காதீர்கள், எவ்வளவு பழகின பார்ட்டியானாலும்.

வாட்ஸ்அப்தான் இப்போது எல்லாரும் செய்வது. இதை மட்டமாகப் பேச எனக்கு விருப்பமில்லை, எழுத்து எழுத்துதான். மின்னணு முறையில் போட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. சிக்கல் வேறு இடத்தில். நாம் வரிசையாக நாலு போட்டோ அனுப்புகிறோம், வெர்னியர் வைத்தது ஒன்று, கையில் பிடித்தது ஒன்று, பிரஸ்ஸில் இருந்து எடுத்த சூட்டோடு ஒரு வீடியோ. அவர் கடைசிப் படத்துக்குக் கீழே கட்டைவிரல் போடுகிறார். அந்தக் கட்டைவிரல் எதற்கு? படம் வந்து சேர்ந்தது என்பதற்கா, அளவு சரி என்பதற்கா, நாலு படத்துக்குமா? ஆறு மாதம் கழித்துச் சண்டை வந்தால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லலாம்.

இன்னொரு ஆபத்து, “ஓகே, ஆனா கொஞ்சம் சாஃப்ட்டா வேணும்” என்று வரும் பதில். இதை ஓகே என்று எடுத்துக்கொண்டு மில்லில் கார்பன் பிளாக்கைக் குறைத்து ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு? 60 இருந்தது 55 ஆகவேண்டுமா, 50 ஆகவேண்டுமா? ஐந்து பாயின்ட் வித்தியாசத்தை விரலால் அமுக்கிப் பார்த்துச் சண்டை போடலாம், தீர்க்க முடியாது. ‘ஆனா’ வந்துவிட்டால் அது ஓகே இல்லை, நம்பரைக் கேட்டு வாங்கி மறுபடி சாம்பிள் போட வேண்டும்.

வாட்ஸ்அப்பையே நன்றாகப் பயன்படுத்தலாம். போட்டோ வேண்டாம், டிராயிங்கைப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், டிராயிங் நம்பரும் எத்தனையாவது திருத்தம் என்பதும் அதில் இருக்கட்டும். கூடவே ஒரே மெசேஜில், “டிராயிங் 14, திருத்தம் 2, உயரம் 25, ஹார்ட்னஸ் 60, கூட்டியோ குறைத்தோ 5 வரை. இதன்படி டை வெட்டலாமா? பதிலை வார்த்தையில் போடுங்க சார்” என்று கேளுங்கள். “டிராயிங் 14 திருத்தம் 2 ஓகே” என்று அவர் டைப் செய்தால் அது நல்ல ஒப்புதல்தான். போன் மாற்றும்போது சாட் போய்விடாமல் எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் போட்டு வைக்கவும். மறைந்துபோகும் மெசேஜ் வசதி அந்தப் பக்கம் போட்டிருக்கிறார்களா என்றும் ஒரு கண் வைக்கவும்.

மூன்றாவது, டிராயிங்கில் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். புது டை என்றால் இதைத் தாண்டிப் போகவே கூடாது என்பது என் கட்சி, ஏனென்றால் இரும்பை வெட்டுவதற்கு முன்பே கிடைக்கிற ஓகேகளில் உறுதியானது இதுதான். சாம்பிள் ஓகே என்பது டை வெட்டி முடித்த பிறகுதான் வரும்.

டை வெட்டுமுன் ஏன் இவ்வளவு பதற்றம் என்றால் சுருக்கம். வெந்த ரப்பர் ஆறும்போது சுருங்கும், எங்கள் காம்பவுண்டில் நூற்றுக்கு 1.8 அளவு. 40 மி.மீ. புஷ் வேண்டுமென்றால் குழியை 40.7 என்று வெட்ட வேண்டும். டிராயிங்கில் 40 என்று இருப்பது ஆறின சாமானின் அளவா, டையின் அளவா என்று எழுதாமல் லேத்துக்காரரிடம் கொடுத்தால் அவர் 40 என்றே வெட்டுவார், புஷ் 39.3 வரும். அதனால் பார்ட்டிக்குப் போகிற டிராயிங்கில் “சாமானின் அளவு” என்று தலைப்பிலேயே போடுகிறேன். டை டிராயிங் தனி, அது நமக்கும் லேத்துக்கும் இடையில் மட்டும்.

டிராயிங்கில் அளவு மட்டும் இருந்தால் போதாது. இன்ன ரப்பர், இன்ன ஹார்ட்னஸ், எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம், பிசிர் எந்த ஓரத்தில் வரலாம், எவ்வளவு வரலாம், இவை எல்லாம் வேண்டும். கூடக் குறைய இருப்பதை ஒவ்வொரு அளவுக்கும் தனியாகப் பேச முடியவில்லை என்றால் ஐஎஸ்ஓ 3302-1 தரத்தில் எம்1 முதல் எம்4 வரை நாலு வகுப்பு இருக்கிறது. எம்1 மிகத் துல்லியமான வேலைக்கு, எம்4 அளவு முக்கியமே இல்லாத சாமானுக்கு. புஷ் மாதிரி வேலைக்கு எம்3 என்று ஒரு வார்த்தை போட்டால் இரண்டு பக்கமும் ஒரே அட்டவணையைப் பார்க்கலாம். அதைப் போடாமல் விட்டால் அவர்கள் ஆள் இரும்புச் சாமானை அளக்கிற கண்ணோடு ரப்பரை அளந்து திருப்பி அனுப்புவார்.

டிராயிங்கின் குறை என்னவென்றால் படிக்காமலே கையெழுத்துப் போட முடியும். பர்ச்சேஸில் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ தாள். அவர் போட்டு அனுப்பியதை வைத்து ஓட்டுவோம், சாமான் போனதும் குவாலிட்டி ஆள் வந்து “நான் இதைப் பார்க்கவே இல்லை” என்பார். அதனால் கையெழுத்து யாருடையது என்பது முக்கியம். சாமானை வாங்கி அளந்து உள்ளே விடப்போகிற ஆளின் கையெழுத்து வேண்டும், பர்ச்சேஸ் கையெழுத்து அதோடு கூடுதலாகத்தான். அனுப்பும் மெயிலும் அவர்கள் கம்பெனி மெயிலாக இருக்கட்டும், அவருடைய சொந்த மெயில் அவர் வேலையை விட்டால் அவரோடு போய்விடும்.

படிக்க வைக்க நான் செய்கிற ஒரு சின்ன வேலை உண்டு. “பயன்படும் இடம்: எண்ணெய் / தண்ணீர் / சூடு / வெயில்” என்று ஒரு வரி போட்டு, பதிலை வேண்டுமென்றே காலியாக விட்டு அனுப்புகிறேன். அதை நிரப்ப அவர் யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும், கேட்கப் போகும்போது தாள் சரியான ஆளின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கடைசி வழி சாம்பிளில் கையெழுத்து. பூட்டி உட்கார்கிறதா, கையில் எப்படி இருக்கிறது, மேற்பரப்பு எப்படி என்பதெல்லாம் சாமானைப் பார்த்தால்தான் தெரியும், எந்த டிராயிங்கும் சொல்லாது. கூரியர் போய்வர, அவர்கள் பூட்டிப் பார்க்க என்று ஒரு வாரம் போய்விடும். அந்த ஒரு வாரம் பிரஸ் சும்மா கிடக்குமே என்று மனசு அடித்துக்கொள்ளும், வேறு ஆர்டரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

இதில் அதிகம் நடக்கிற தப்பு, சாம்பிளை ஒரு வழியில் செய்து ஆர்டரை இன்னொரு வழியில் செய்வது. ஒற்றைக் குழி டையில் பழைய காம்பவுண்டுத் துண்டைப் போட்டு ஒரு சாம்பிள் எடுத்துக் கொடுத்து ஓகே வாங்கிவிட்டு, அப்புறம் 16 குழி டை வெட்டுவார்கள். அந்த ஓகே எந்த டைக்கு? 16 குழியில் நடுவில் இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் ஒரே மாதிரி வேகாது, பிளேட்டின் ஓரத்தில் சூடு குறைவாக இருந்தால் அங்கே வரும் புஷ் மெத்தென்று இருக்கும். அதனால் சாம்பிள் ஓடப்போகிற டையில், ஓடப்போகிற கலவையில், ஒரு முழு ஏற்றமாக எடுத்ததாக இருக்க வேண்டும். 16 குழிக்கு 16 புஷ், ஒவ்வொன்றிலும் குழி நம்பர். எடுத்த சூட்டோடு அளக்காதீர்கள், ரப்பரை வேகவைத்துக் குறைந்தது 16 மணி நேரம் கழித்துத்தான் சோதிக்க வேண்டும் என்பது முறை. நாங்கள் ஒரு ராத்திரி விட்டு மறுநாள் மதியம் அளப்போம். அளந்த தாளையும் கூடவே அனுப்புவோம்.

அதில் அளவு எல்லைக்குள் வந்த மூன்றைத் தனித்தனிக் கவரில் போட்டு, அட்டையில் டிராயிங் நம்பர், தேதி, காம்பவுண்டு நம்பர் எழுதி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்து வாங்குகிறோம். இரண்டு அவர்களிடம், ஒன்று நம்மிடம். இங்கே ரப்பருக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. சாம்பிளும் வயதாகும். ஷோகேஸில் வெயில் படும்படி வைத்தால் வெடிக்கும். கரையாமல் மிஞ்சிய சல்ஃபரோ மெழுகோ வெளியே வந்து சாம்பல் பூத்தமாதிரி வெள்ளையாகப் படியும். ஒரு வருஷம் கழித்து அந்தச் சாம்பிளை எடுத்து, “இது வேற, நீங்க அனுப்பினது வேற” என்று ஒரு பார்ட்டி சொன்னார், புது சாமான் கறுப்பாக இருக்கிறதாம். கறுப்பு உறையில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். ஹார்ட்னஸுக்குச் சாம்பிளைச் சாட்சியாக நம்பாதீர்கள், அது தாளில் நம்பராக இருக்கட்டும்.

சட்டத்திலும் இதே கதைதான். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 17ஆம் பிரிவு, சாம்பிள் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் தரத்தில் அந்தச் சாம்பிளை ஒத்திருக்க வேண்டும் என்கிறது. வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்க்க நியாயமான வாய்ப்பும் வேண்டும். அதே பிரிவில், நியாயமாகச் சோதித்தும் சாம்பிளில் தெரிந்திருக்க முடியாத, சரக்கை விற்க லாயக்கில்லாததாக ஆக்கும் குறை இருந்தால் விற்றவர் தப்ப முடியாது என்றும் இருக்கிறது. சாம்பிளில் கையெழுத்து வாங்கிவிட்டோம், இனி எதுவும் நம் தலையில் இல்லை என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கவேண்டும். 15ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. விவரமும் சொல்லி, சாம்பிளும் காட்டி விற்றால், சாம்பிளோடு ஒத்துப்போனால் மட்டும் போதாது, விவரத்தோடும் ஒத்துப்போக வேண்டும். அதாவது டிராயிங்கில் 60 என்று எழுதிவிட்டு 66 காட்டும் சாம்பிளுக்கு ஓகே வாங்கி ஓட்டினால், “சாம்பிளைப் பார்த்துத்தானே சொன்னீர்கள்” என்ற வாதம் நிற்காது. சாம்பிள் டிராயிங்கில் இருந்து விலகியிருந்தால் டிராயிங்கைத் திருத்தி, அடுத்த திருத்த நம்பர் போட்டு, அதற்கும் கையெழுத்து வாங்க வேண்டும்.

உத்யம் பதிவு இருக்கிற சின்ன யூனிட்டுகளுக்கு இன்னொன்று. 2006ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி, சாமான் போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் பார்ட்டி எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், சேர்ந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அதில் இருந்து பணம் தரவேண்டிய கெடு ஓடும், எழுதி ஒத்துக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. கெடு முடியும் நேரத்தில் “உயரம் சரியில்லை” என்று போன் வரும்போது, கையெழுத்துப் போட்ட டிராயிங் கையில் இருப்பவர் பேசுகிற குரலே வேறாக இருக்கும்.

என் முடிவு இப்படி: புது டை என்றால் வெட்டும் முன் டிராயிங்கில், வெட்டிய பின் சாம்பிளில், இரண்டு கையெழுத்தும். பழைய டையில் காம்பவுண்டு மட்டும் மாறினால் சாம்பிள் மட்டும், ஆனால் டிராயிங்கில் திருத்த நம்பர் ஏறவேண்டும். எதுவும் மாறாத ரிப்பீட் ஆர்டருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி. 200 வாஷர் மாதிரி சில்லறை வேலைக்குச் சாம்பிள், கூரியர் என்று போனால் கூலியே மிஞ்சாது. அங்கே பிடிஎஃப்பும் வார்த்தையில் ஒரு பதிலும் போதும்.

கேட்கத் தயங்குகிறவர்கள்தான் அதிகம், எனக்குத் தெரியும். “இத்தனை வருஷப் பழக்கம், நம்பிக்கை இல்லையா?” என்று ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். இப்போது அந்தப் பேச்சுக்கே இடம் இல்லாதபடி கொட்டேஷனில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: டெலிவரி, டிராயிங் ஒப்புதல் வந்து சேர்ந்த நாளில் இருந்து 25 நாள். அவர்களுக்கு அவசரம் என்றால் அவர்களே கையெழுத்தைத் துரத்தி வாங்கி அனுப்புகிறார்கள். “மூன்று நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்” என்று சிலர் போடுகிறார்கள், நான் போடுவதில்லை. நம் பக்கமாக அப்படி எழுதி வைப்பதால் எதிராளியின் மௌனம் சம்மதமாகிவிடாது, அதை நம்பி 100 கிலோ காம்பவுண்டை வேகவைக்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

முதலில் சொன்ன அதே பார்ட்டி போன மாதம் இன்னொரு பம்புக்குப் புஷ் கேட்டார். இந்தத் தடவையும் ஒரு பழைய புஷ் பார்சலில் வந்தது. அளந்து, டிராயிங்கில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் “பழைய சாமானில் அளந்தது, புதியதின் அளவை நீங்கள் எழுதவும்” என்று கட்டம் விட்டு அனுப்பினேன். நாலு நாள் கழித்து ஸ்கேன் வந்தது. உயரத்துக்கு 30 என்று எழுதியிருந்தார்கள், என் வெர்னியர் காட்டியது 28.2. காலியாக விட்ட வரியில் வேறு கையெழுத்தில், “ஆயில் படும்” என்று இருந்தது. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும், இதற்கு நைட்ரைல் வேண்டும், அதன் சுருக்கமும் வேறு, குழியின் அளவும் மாறும். கோணத்துக்குப் போன் போட்டு டையை நிறுத்தி வைக்கச் சொன்னேன். “இன்னும் இரும்பே அறுக்கலை அண்ணாச்சி, டிராயிங்கை மாத்தி அனுப்புங்க” என்றான் லேத்துக்காரப் பையன்.